ஒரே நாளில் இரண்டு இன்டர்வியூ மெயில்கள், இரண்டு நேரம்: யாருக்கு, என்ன எழுதுவது?

ஈரோட்டுக்காரி | 27 அக்டோபர் 2025, மாலை 6:40

எல்லோருக்கும் வணக்கம். நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஒரு கம்பெனியில் முதல் ரவுண்டு முடிந்து அடுத்ததற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கம்பெனியின் தலைமை அலுவலகம் அயர்லாந்தில், டப்ளினில். பெங்களூரிலும் ஒரு டீம் இருக்கிறது. இதுவரை என்னோடு பேசியது பெங்களூரில் இருக்கும் ரெக்ரூட்டர் மேடம்தான்.

வெள்ளிக்கிழமை டப்ளின் மேனேஜரிடமிருந்து நேரடியாக ஒரு மெயில் வந்தது: "அக்டோபர் 30 வியாழன், காலை 11 மணி IST, டெக்னிக்கல் ரவுண்டு, ஒரு மணி நேரம், நான் எடுக்கிறேன்." கூடவே ஒரு .ics ஃபைல். இன்று மதியம் பெங்களூர் டீம் லீட் காலண்டர் இன்வைட் அனுப்பியிருக்கிறார்: அதே வியாழன், மாலை 3:30 முதல் 5:00 வரை, அதுவும் டெக்னிக்கல் ரவுண்டுதான். ஒருவர் மெயிலில் இன்னொருவர் பெயரே இல்லை. ரெக்ரூட்டர் இரண்டிலும் சிசியில் இல்லை.

இரண்டும் ஒன்றா, தனித்தனியா என்று தெரியவில்லை. கேட்டால் "இவர்களுக்குள்ளேயே ஒழுங்கில்லை" என்று நான் குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது. நான் இன்னும் எதற்கும் பதில் அனுப்பவில்லை. என்ன செய்யலாம்?

---

மலைக்கோட்டை ரவி | மாலை 7:05

இதில் குழப்பமே இல்லைங்க. IST என்று டப்ளின்காரர் எழுதினால் அது ஐரிஷ் நேரம். அவர்கள் ஊரிலும் அதே மூன்றெழுத்துதான். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டப்ளின் டீமோடு தினமும் கால் இருக்கும், நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேரம் வித்தியாசம். அங்கே காலை 11 என்றால் இங்கே மாலை 3:30. பெங்களூர் இன்வைட்டும் 3:30தானே? இரண்டும் ஒரே இன்டர்வியூ, இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கிறார்கள். இரண்டையும் ஓகே பண்ணிவிட்டு 3:30க்கு உட்காருங்கள்.

---

லிஃபி கரையிலிருந்து | இரவு 8:20

டப்ளினில் இருந்து எழுதுகிறேன். ரவி சொன்னதில் முதல் பாதி சரி. இங்கே கோடைக்கால நேரத்துக்கு IST என்றுதான் பெயர், அதனால் இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு அடிக்கடி இந்தக் குழப்பம் வருகிறது. ஆனால் இங்கே நேற்று ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டோம். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று இது நடக்கும், மார்ச் கடைசி ஞாயிறு அன்று திரும்ப முன்னால் போகும். நாலரை மணி வித்தியாசம் கோடைக்கு மட்டும்தான். இப்போது ஐந்தரை. வியாழன் டப்ளின் காலை 11 என்றால் இந்தியாவில் மாலை 4:30, 3:30 இல்லை.

அவர் வெள்ளிக்கிழமை மெயில் எழுதும்போது இங்கே இன்னும் கோடை நேரம் இருந்தது. பழக்கத்தில் IST என்று போட்டிருக்கலாம். இந்தியாவில் இருக்கிற ஆளுக்கு எழுதுகிறோம் என்று இந்திய நேரத்தையே போட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இந்திய காலை 11 என்றால் எங்களுக்கு விடியற்காலை 5:30, அந்த நேரத்தில் யாரும் இன்டர்வியூ எடுக்க மாட்டார்கள். மெயிலின் வார்த்தையை வைத்து முடிவு பண்ணாதீர்கள். அந்த .ics ஃபைலைத் திறந்து பாருங்கள், அதில் நேரம் சந்தேகமில்லாமல் இருக்கும்.

---

ஈரோட்டுக்காரி | இரவு 8:50

.ics ஃபைலை நோட்பேடில் திறந்தேன். இதுதான் இருக்கிறது, மற்ற வரிகளை விட்டுவிட்டேன்:

```
METHOD:REQUEST
DTSTART:20251030T110000Z
DTEND:20251030T120000Z
SEQUENCE:0
```

UID என்று ஒரு நீளமான வரியும் இருக்கிறது. பெங்களூர் இன்வைட்டையும் இறக்கிப் பார்த்தேன், அதில் UID வேறு.

---

அலுவலகவாசி | இரவு 9:30

நான் பல வருஷமாக ஆள் எடுக்கும் பக்கம் இருக்கிறேன், இன்டர்வியூ நேரம் ஒட்டவைக்கிறதே என் வேலையில் பாதி. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

நேரத்தின் கடைசியில் இருக்கும் Z என்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் இந்திய நேரம். 11:00 + 5:30 = மாலை 4:30. டப்ளின் குளிர்காலத்தில் அதே பொது நேரத்தில்தான் இருக்கிறது, ஆகவே அங்கே காலை 11. லிஃபி கரை சொன்னது சரி. உங்கள் காலண்டரில் போட்டால் டப்ளின் 4:30 முதல் 5:30, பெங்களூர் 3:30 முதல் 5:00. அரை மணி நேரம் இடிக்கிறது.

அடுத்தது UID. ஒரே மீட்டிங்கின் நேரத்தை மாற்றி அனுப்பினால் UID அப்படியே இருக்கும், SEQUENCE எண் மட்டும் ஏறும். பழைய நேரம் காலண்டரிலிருந்து தானாகப் போய்விடும். உங்களுக்கு UID வேறு வேறாக இருப்பதால், பெங்களூர் இன்வைட் டப்ளின் இன்வைட்டை மாற்றி வந்தது இல்லை. ஆனால் இதை வைத்து "இரண்டும் தனித்தனி ரவுண்டு" என்றும் முடிவு கட்ட முடியாது. மேனேஜர் ஒருவர், "நீங்களே எடுத்துவிடுங்கள்" என்று டீம் லீடிடம் வாயால் சொல்லியிருக்கலாம். அவர் புதிதாக ஒரு இன்வைட் போட்டிருப்பார், மேனேஜர் தன்னுடையதை ரத்து செய்ய மறந்திருப்பார். இது வாராவாரம் நான் பார்க்கிற விஷயம். அந்தப் பதிலை ஃபைலுக்குள் தேட முடியாது, ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.

ரெக்ரூட்டர் ஒதுக்கிய அட்டவணையோடு இன்டர்வியூ எடுப்பவரே நேரடியாக மெயில் அனுப்பும்போதுதான் இப்படி ஆகிறது. அவருக்கு ரெக்ரூட்டர் ஏற்கெனவே வேறு ஒருவரைப் போட்டிருப்பது தெரியாது. ஆகவே கேட்பதில் நீங்கள் தயங்க ஒன்றுமில்லை. கேட்காமல் விட்டால்தான் வியாழன் அன்று ஒருவர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பெயர் உங்கள் மேல் போகும்.

---

பரணி | இரவு 9:55

எதுக்கு இவ்வளவு? டப்ளின் இன்வைட்டை Decline பண்ணிவிடுங்கள். நேரம் இடிக்கிறது என்று அவருக்கே புரிந்துவிடும். மெயில் எழுதுகிற வேலையும் மிச்சம்.

---

அலுவலகவாசி | இரவு 10:10

தம்பி, அது வேண்டாம். Decline அடித்தால் அவருக்குப் போகிறது "வர மறுத்தார்" என்கிற ஒற்றை வரிதான். காரணம் தெரியாது. வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, ஆள் விலகிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு அந்த நேரத்தைக் கொடுத்த மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஏற்றுக்கொள்வதும் கூடாது. இரண்டு பேருக்கும் தனித்தனியாக வாக்குக் கொடுத்தது போல ஆகிவிடும்.

பதில் வரும்வரை இரண்டுக்கும் Maybe போடலாம், இல்லை ஒன்றும் போடாமல் விடலாம். பட்டனை அழுத்தினால் ஒரு குறிப்பும் எழுத இடம் இருக்கும். ஆனால் அது ஒருவருக்கு மட்டும்தான் போகும். இங்கே தேவை எல்லோரும் ஒரே மெயிலைப் பார்ப்பது.

---

வைகைக்கரை | இரவு 10:40

எனக்கும் இதே நிலைமைதான். வெள்ளிக்கிழமை ஒரு வங்கியில் காலை 10 மணி, ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதே 10 மணி. இரண்டும் வேறு வேறு இடங்கள். இருவரையும் ஒரே மெயிலில் போட்டு எழுதலாமா?

---

அலுவலகவாசி | இரவு 10:55

வைகைக்கரை, உங்களுடையது வேறு விஷயம்ங்க. ஈரோட்டுக்காரிக்கு இரண்டு பேரும் ஒரே கம்பெனி. உங்களுக்கு இரண்டு கம்பெனி. தயவுசெய்து ஒரே மெயிலில் போட்டுவிடாதீர்கள். எந்த அழைப்பை நீங்கள் இன்னும் உறுதி செய்யவில்லையோ அவர்களிடம் மட்டும், "அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறது, அதே நாள் மதியம் அல்லது திங்கள் காலை முடியுமா" என்று கேளுங்கள். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று சொல்ல வேண்டாம்.

---

ஈரோட்டுக்காரி | 28 அக்டோபர், காலை 7:15

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் மெயிலை யாருக்குப் போடுவது? இரண்டு பேருக்கும் சேர்த்தா, ரெக்ரூட்டர் மேடத்துக்கு மட்டுமா? எழுதியதைக் கீழே போட்டிருக்கிறேன், ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம். பார்த்துச் சொல்லுங்கள்.

> வணக்கம். எனக்கு வியாழக்கிழமைக்கு முரண்பட்ட இரண்டு மெயில்கள் வந்துள்ளதால் மிகவும் குழப்பமாக உள்ளது. தொந்தரவுக்கு மன்னிக்கவும். எந்த நேரம் சரி என்று தயவுசெய்து தெரியப்படுத்தவும். எனக்கு எந்த நேரமும் சம்மதம்.

---

அலுவலகவாசி | காலை 8:30

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிற ஆளின் இடத்தில் இருந்து பாருங்கள். எந்த இரண்டு மெயில், என்ன நேரம், யார் அனுப்பியது என்று எதுவும் இதில் இல்லை. ரெக்ரூட்டர் இன்பாக்ஸைத் தோண்ட வேண்டும், அந்த இரண்டு மெயிலும் அவருக்கு வரவே இல்லை. "எந்த நேரம் சரி" என்று கேட்டால் டப்ளின் மேனேஜர் "காலை 11" என்று ஒரு வரி பதில் போடுவார், நாம் முதலில் இருந்த இடத்துக்கே திரும்பி வருவோம். அப்புறம், "முரண்பட்ட", "குழப்பமாக" இரண்டையும் எடுத்துவிடுங்கள். நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இடிப்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் செய்யாத தவறுக்கு மன்னிப்பும் வேண்டாம்.

"எந்த நேரமும் சம்மதம்" என்பதும் உதவாது. முடிவை முழுவதுமாக அவர்கள் தலையில் வைக்கிறீர்கள். ஒருவேளை இரண்டும் தனித்தனி ரவுண்டு என்றால் எதை எங்கே நகர்த்தினால் உங்களுக்கு வசதி என்று நீங்களே ஒரு வழி சொல்லிவிட்டால், அவர்கள் "சரி" என்று ஒரு சொல் எழுதினால் முடிந்தது.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். தலைப்பில் வேலையின் பெயர், உங்கள் பெயர், "30 அக்டோபர், வியாழன் இன்டர்வியூ நேரம்" என்று இருக்கட்டும்.

> வணக்கம். வியாழன், 30 அக்டோபர் அன்று இன்டர்வியூவுக்கு அழைத்ததற்கு நன்றி. அன்றைக்கு எனக்கு இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன:
>
> பெங்களூர் டீமிலிருந்து: இந்திய நேரம் மாலை 3:30 முதல் 5:00 வரை (டப்ளினில் காலை 10:00 முதல் 11:30 வரை).
>
> டப்ளினிலிருந்து: மெயிலில் காலை 11:00 IST என்று உள்ளது, இணைத்த காலண்டர் ஃபைலில் டப்ளின் நேரம் காலை 11:00 முதல் 12:00 வரை, அதாவது இந்திய நேரம் மாலை 4:30 முதல் 5:30 வரை.
>
> இவை இரண்டும் ஒரே ரவுண்டா, தனித்தனி ரவுண்டுகளா என்று சொல்ல முடியுமா? ஒரே ரவுண்டு என்றால் எது நிற்கிறது என்று தெரிந்தால் போதும், இரண்டு நேரமும் எனக்கு முடியும். தனித்தனி என்றால், முதலாவதை அப்படியே வைத்து, இரண்டாவதை இந்திய நேரம் 5:15க்கு, அதாவது டப்ளின் காலை 11:45க்கு, தொடங்கலாமா? அன்று காலை 10 முதல் இரவு 8 வரை நான் தயாராக இருப்பேன்.

கவனியுங்கள், இதில் இரண்டு பேருக்கும் இரண்டு ஊர் நேரமும் இருக்கிறது. யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. கணக்கில் பிழை இருந்தால் அவர்களே பார்த்துத் திருத்திவிடுவார்கள். ஒருவருடைய மெயிலை இன்னொருவருக்கு அப்படியே ஃபார்வர்டும் பண்ணாதீர்கள், நேரத்தை மட்டும் எடுத்து எழுதுங்கள். அவர்களுக்குள் என்ன பேசியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

யாருக்கு என்றால், ரெக்ரூட்டர் உங்களுக்கு முதலில் அனுப்பிய பழைய மெயில் இழையிலேயே பதிலாக, அவர் பெயரை முதலில் வைத்து, மற்ற இருவரையும் சிசியில் போட்டு அனுப்புங்கள். நேரம் ஒதுக்குவது அவர் வேலை, தீர்ப்பு அவரிடமிருந்து வரட்டும்.

---

நீலமணி | காலை 10:05

நான் டொராண்டோவிலிருந்து. கனடாவில் எங்களுக்கும் இந்த வாரம் கணக்குக் குழம்பும். ஐரோப்பா கடிகாரத்தை மாத்திவிட்டது, எங்களுக்கு வாற ஞாயிறு, நவம்பர் 2தான். லண்டனோட வழக்கமா ஐந்து மணித்தியாலம், இந்த வாரம் நாலு. அதனால மெயிலில் ஊரின் பெயரைப் போட்டே நேரம் எழுதுறது பழகிட்டேன்.

ஆனால் அலுவலகவாசி அண்ணையின் ஒரு விஷயத்தில எனக்கு உடன்பாடு இல்லை. மேனேஜரை சிசியில போட்டால், "ரெக்ரூட்டரிட்ட என்னைப் பற்றி முறைப்பாடு செய்யிறா" என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் ரெக்ரூட்டருக்கு மட்டும்தான் எழுதுவன், அவர் உள்ளுக்குள்ள பேசித் தீர்க்கட்டும்.

---

அலுவலகவாசி | காலை 10:40

நீலமணி, அந்தப் பயம் நியாயமானதுதான். மெயிலில் குறை சொல்லும் தொனி இருந்தால் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ரெக்ரூட்டருக்கு மட்டும் எழுதினால் ஒரு ஆபத்து உண்டு: அவர் இரண்டு நாள் லீவில் இருந்தால்? வியாழன் வந்துவிடும், இன்டர்வியூ எடுப்பவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நாள் தள்ளி இருந்தால் நானும் ரெக்ரூட்டருக்கு மட்டும் என்று சொல்வேன். இரண்டு நாள்தான் இருக்கிறது என்பதால் மூன்று பேரும்.

---

நீலமணி | காலை 10:52

லீவு விஷயம் சரி. ஆனாலும் நான் முதலில் ரெக்ரூட்டருக்குப் போன் எடுத்துப் பார்ப்பன். அவர் எடுத்தால் சிசியே தேவையில்லை.

---

மலைக்கோட்டை ரவி | காலை 11:15

கடிகாரம் மாறியது எனக்குத் தோன்றவில்லை, லிஃபி கரைக்கு நன்றி. ஒரு கேள்வி: மெயிலில் "புதன் மாலைக்குள் பதில் வராவிட்டால் 3:30க்கு வருகிறேன்" என்று போட்டால் என்ன? யாரும் பதில் போடாமல் விட்டாலும் ஒரு முடிவு இருக்குமே.

---

லிஃபி கரையிலிருந்து | மதியம் 1:30

இங்கே என் டீமில் யாராவது அப்படி எழுதினால் எனக்குப் பிடிக்கும், தெளிவாக இருக்கிறது என்பேன். ஆனால் இன்னும் வேலைக்கே சேராதவர் எழுதினால் சிலர் கெடு வைப்பது போல எடுத்துக்கொள்வார்கள். அதுவும் மேனேஜரை விட்டு டீம் லீடைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி இருக்கிறது.

---

அலுவலகவாசி | மதியம் 2:00

நானும் எழுத மாட்டேன். மனதில் மட்டும் கெடு வைத்துக்கொண்டு, புதன் மதியம் வரை பதில் இல்லையென்றால் ரெக்ரூட்டருக்குப் போன். ஆனால் ரவி சொல்வதில் ஒரு பலம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். போனும் எடுக்கவில்லையென்றால் அந்த மாதிரி ஒரு வரிதான் கடைசி வழி.

---

ஈரோட்டுக்காரி | 29 அக்டோபர், மதியம் 12:20

நேற்று மதியமே அலுவலகவாசி சார் சொன்ன வடிவத்தில், மூன்று பேருக்கும் அனுப்பினேன். ரெக்ரூட்டர் மேடம் மாலையிலேயே பதில் போட்டுவிட்டார். இரண்டும் தனித்தனி ரவுண்டுதான்! பெங்களூருடையது டெஸ்ட் எழுதுவது பற்றி, டப்ளினுடையது டீம் எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி. மேனேஜர் "டெக்னிக்கல்" என்று எழுதியது பழைய டெம்ப்ளேட்டாம். டப்ளின் மேனேஜரும் 5:15 சரி என்று எழுதி, நேரம் கேட்டுத் தெளிவுபடுத்தியதற்கு நன்றியும் சொன்னார்.

இப்போது சின்னதாக ஒரு சிக்கல். 5:15க்கு அவர் இன்னொரு இன்வைட் அனுப்பியிருக்கிறார். ஆனால் 4:30 இன்வைட்டும் காலண்டரில் அப்படியே இருக்கிறது. இரண்டிலும் வீடியோ லிங்க் வேறு வேறு. புதிய ஃபைலைத் திறந்து பார்த்தேன், UID வேறு, SEQUENCE 0.

---

அலுவலகவாசி | மதியம் 12:45

பழையதை நகர்த்தாமல் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். அதனால் 4:30 தானாகப் போகாது. நீங்கள் அதை Decline அடிக்க வேண்டாம், காரணம் முன்பே சொன்னதுதான். புதியதை ஏற்றுக்கொண்டு, அதே மெயில் இழையில் ஒரே வரி: "5:15 அழைப்பை ஏற்றுக்கொண்டேன், அதிலுள்ள லிங்க்கில் வருகிறேன். 4:30 அழைப்பு இன்னும் காலண்டரில் உள்ளது, உங்கள் பக்கம் நீக்கிவிடலாம்." அவர் நீக்கினால் METHOD:CANCEL என்று ஒன்று வந்து உங்கள் காலண்டரிலும் போய்விடும்.

---

பரணி | மதியம் 1:10

அவர் நீக்கவில்லை என்றால்? நாளைக்கு 4:30 லிங்க்கில் அவர் போய் உட்கார்ந்தால் இவங்க பெங்களூர் ரவுண்டில் இருப்பாங்களே.

---

லிஃபி கரையிலிருந்து | மதியம் 1:40

அவரே 5:15 என்று எழுத்தில் சொல்லிவிட்டார், 4:30க்குப் போய் உட்கார மாட்டார். பிரச்சினை லிங்க்தான். 5:15க்கு அவருக்கு எந்த நினைவூட்டல் கண்ணில் படுகிறதோ அதை அழுத்துவார். பெங்களூர் ரவுண்டு 5:00க்கு முடிந்ததும் புதிய லிங்க்கில் காத்திருங்கள். ஐந்து நிமிஷத்தில் ஆள் வரவில்லை என்றால் பழைய லிங்க்கை வேறு டேபில் திறந்து பாருங்கள், ரெக்ரூட்டர் நம்பரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஈரோட்டுக்காரி | மதியம் 2:05

அந்த ஒரு வரியை இப்போதே அனுப்பிவிட்டேன். பெங்களூர் ரவுண்டு 5:00 தாண்டி நீண்டால் என்ன சொல்லி எழுந்திருப்பது என்பதுதான் இன்னும் யோசனையாக இருக்கிறது.

---

அலுவலகவாசி | மதியம் 2:30

நீண்ட பிறகு சொல்வதை விடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "எனக்கு 5:15க்கு டப்ளினோடு அடுத்த ரவுண்டு இருக்கிறது." டீம் லீட் உங்கள் மெயிலில் இருந்தவர்தான், நேரத்தை அவரே பார்த்துக்கொள்வார்.